முதலீட்டாளர் மறுத்த பிறகு எழுத வேண்டிய பதில் மடல்

கோவிந்தாபுரம் எல்லையை ஒட்டிய முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே, ஜனவரியிலேயே அங்கு மாங்காய் அறுவடை தொடங்கிவிடும். அப்பகுதியில் மாம்பழக்கூழ் ஆலை தொடங்க விரும்பும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் ஒரு முதலீட்டாளரிடம் 40 லட்சம் ரூபாய் கோரித் திட்டம் அனுப்புகிறார். “திட்டம் நன்று, ஆயினும் இப்போது எங்களுக்குப் பொருந்தாது” என்று மின்னஞ்சல் வருகிறது. இனி அவர் என்ன எழுத வேண்டும்?

முதலில் மறுப்பின் வகையை அறிய வேண்டும். ஏர்பிஎன்பி நிறுவனர்களுள் ஒருவரான பிரையன் செஸ்கி, 2008ஆம் ஆண்டில் 1,50,000 டாலர் திரட்டுவதற்காக ஏழு முதலீட்டாளர்களை அணுகினார். ஐவர் மறுத்தனர், இருவர் பதிலே எழுதவில்லை. அம்மறுப்பு மடல்களை அவர் 2015இல் வெளியிட்டார். ஒருவர் அது தமது துறையன்று என்றார். மற்றொருவர் சந்தை போதிய அளவு பெரிதாகத் தோன்றவில்லை என்றார். முதல் காரணத்தைத் திருத்தத்தால் மாற்ற இயலாது. இரண்டாவதற்குக் கணக்கைக் காட்டி விடை சொல்லலாம். நம் ஆலைக்காரருக்கு வந்த மறுப்பில் இவ்விரண்டில் எது என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டத்தைத் திருத்தினால், குறையில்லாத இடத்தைத் திருத்திவிட்டுக் குறையை அப்படியே விட்டுவிட நேரும்.

“தங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. அதற்கு விடை எழுத, முதலீட்டாளர் திட்டத்தை மீண்டும் திறந்து படிக்க வேண்டியிருக்கும். ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வியே பயன் தரும். அதை எழுதுவதற்கு முன் நம் திட்டத்தை நாமே ஐயத்துடன் படிக்க வேண்டும்.

ஆலைக்காரர் அவ்வாறு படித்தபோது குறை ஒன்று தெரிகிறது. அவர் 32 லட்சத்தைக் கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் ஒதுக்கி, 8 லட்சத்தை மட்டுமே நடைமுறை மூலதனமாக வைத்திருந்தார். ஆனால் அவர் வாங்க எண்ணிய பழமோ 100 டன். கிலோ 30 ரூபாய் எனக் கொண்டால் மூன்று மாதப் பருவத்துக்குள் 30 லட்சம் ரூபாய் வேண்டும். தோட்டக்காரருக்கு உடனே பணம் தர வேண்டும். கூழோ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகத்தான் விற்கும். முதல் மாதக் கொள்முதலுக்கே 8 லட்சம் போதாது.

இதன்பின், வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக இரண்டொரு நாளில் இவ்வாறு எழுதலாம்:

“மதிப்புக்குரிய ஐயா, திட்டத்தைப் படித்து முடிவைத் தெரிவித்தமைக்கு நன்றி. தங்கள் முடிவை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் அறிய விரும்புகிறேன். தடையாக இருந்தது உணவுத் துறையா, தொகையின் அளவா, அல்லது பருவகாலக் கொள்முதலுக்கு நான் ஒதுக்கிய 8 லட்சம் போதாது என்பதா? மூன்றாவதே காரணமெனில், முதல் ஆண்டில் 15 டன் மட்டும் சொந்தமாக வாங்கி, 85 டன்னைப் பிற வணிகருக்காகக் கூலிக்குப் பதப்படுத்தும் மாற்றுக் கணக்கை இரண்டு பக்கங்களில் இம்மாதம் 20ஆம் தேதிக்குள் அனுப்ப இயலும். தாங்கள் விரும்பினால் மட்டும் அனுப்புகிறேன்.”

இம்மடலில் வாதம் இல்லை, இணைப்பும் இல்லை. திருத்தம் என்ன என்பது ஒரே வரியில் தெரிகிறது: சொந்தக் கொள்முதல் 4.5 லட்சமாகக் குறைகிறது, எஞ்சிய 3.5 லட்சம் கூலிக்கும் மின்சாரத்துக்கும் கிடைக்கிறது. முதலீட்டாளர் “மூன்றாவது” என்று ஒரு சொல் எழுதினாலும் போதும்.

வரும் விடையையும் கவனித்துப் படிக்க வேண்டும். “முன்னேற்றத்தைத் தெரிவியுங்கள்” என்பது பெரும்பாலும் மரியாதைச் சொல். “இரண்டு கொள்முதலாளரின் எழுத்துவழி உறுதியுடன் வாருங்கள்” என்பது நிறைவேற்றக்கூடிய நிபந்தனை. பின்னதற்கே திருத்திய திட்டத்தை அனுப்பலாம். அதன் முதல் பக்கத்தில் அவர் சுட்டிய குறை, செய்த மாற்றம், அது இடம்பெறும் பக்கம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மாற்றாமல் விட்டது ஏதேனும் இருப்பின் அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது.

துறையே தடை என்று விடை வந்தால், நன்றி கூறி முடித்துக்கொள்ள வேண்டும். விடையே வராவிட்டால் பத்து நாட்களுக்குப் பின் ஒரு நினைவூட்டல் போதும். அப்போதும் ஆலைக்காரரின் உழைப்பு வீணாகாது. கொள்முதல் மாதங்களில் எவ்வளவு பணம் வெளியேறும், எப்போது திரும்பும் என்ற அதே கணக்கைத்தான் நடைமுறை மூலதனக் கடன் கேட்டுச் செல்லும்போது வங்கி மேலாளரும் முதலில் கேட்பார்.