சொந்த ஆளும் சொந்தச் சரக்கும் போட்டுக் கட்டிய கடை: கணக்கில் அதன் விலை என்ன?

ஒரு வியாபாரி தன் கடைக்குப் புதிய ஷோரூமை ஒப்பந்தக்காரரிடம் முழுமையாக விட்டுவிட்டால், அவருடைய பில்லே பெரும்பாலும் கட்டடத்தின் விலையாகிவிடும். தன் கிடங்குச் சரக்கையும் தன் ஆட்களையும் வைத்துத் தானே கட்டினால் அப்படி ஒரு பில் இருக்காது. செலவுகள் கொள்முதலிலும் சம்பளத்திலும் வட்டியிலும் சிதறிக் கிடக்கும். அவற்றில் எவை கட்டடத்தின் அடக்கத்தில் சேரும் மூலதனச் செலவு, எவை அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும் வருவாயினச் செலவு என்று பிரிப்பதுதான் வேலை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 10-ஆம் கணக்குத் தரம் இதற்குச் சொல்லும் விதி சுருக்கமானது. கட்டடத்தைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவு மட்டுமே சேரும்.

மதுரையில் டைல்ஸ், சிமென்ட், கம்பி விற்கும் ஒரு தனியுரிமை வணிகத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் ஏற்கெனவே வணிகத்துக்குச் சொந்தமான மனையில் 14 மாதங்களில் ஷோரூம் கட்டி முடித்தார். மனைக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே அது தனிக் கணக்கிலேயே இருக்க வேண்டும். கட்டடத்தோடு கலக்கக் கூடாது.

கிடங்கிலிருந்து கட்டடத்துக்குப் போன சரக்கின் கொள்முதல் விலை 20,00,000 ரூபாய். அதையே வெளியில் விற்றிருந்தால் 25,00,000 கிடைத்திருக்கும். பல கடைகளில் இந்தப் பெரிய தொகையைத்தான் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. தனக்குத் தானே விற்று யாரும் இலாபம் ஈட்ட முடியாது. எழுதினால் அந்த 5,00,000 நடக்காத விற்பனையின் இலாபமாக ஏட்டில் நிற்கும். சரியான பதிவு, கொள்முதல் விலைக்குக் கட்டடக் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. அதே கிடங்கிலிருந்து உரிமையாளரின் வீட்டு வேலைக்கும் நாலு மூட்டை போயிருந்தால் அது கட்டடமும் அல்ல, செலவும் அல்ல. அது அவருடைய எடுப்பு.

பதிவே போடாமல் விட்டால் வேறு விதமாக வெளிப்படும். ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் விற்று 20 சதவீத மொத்த இலாபம் காட்டும் இந்தக் கடையில், 20 லட்ச ரூபாய்ச் சரக்கு விற்பனையிலும் இருக்காது, இறுதிச் சரக்கிருப்பிலும் இருக்காது. மொத்த இலாபம் 10 சதவீதமாக விழும். கணக்கைத் தணிக்கை செய்பவர் முதலில் கேட்கும் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

அடுத்தது ஜிஎஸ்டி. விற்பனைக்காக வாங்கியபோது இந்தச் சரக்குக்கு இன்புட் கிரெடிட் எடுத்திருப்பார்கள். ஆனால் தன் உபயோகத்துக்காக ஒருவர் அசையாச் சொத்து கட்டினால், அது தொழிலுக்கே பயன்பட்டாலும், கட்டுமானப் பொருள்களுக்கு அந்தச் சலுகையைச் சட்டம் மறுக்கிறது. வாடகைக்கு விடும் வணிக வளாகம் தொடர்பான வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு கதவைத் திறந்தது; 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 2017 ஜூலை முதலே செல்லும்படி அதை மூடிவிட்டது. ஆகவே எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். வரி 18 சதவீதம் என்றால் அது 3,60,000 ரூபாய். திரும்பக் கிடைக்காத வரி என்பதால் அதுவும் பொருளின் அடக்கத்தில் சேரும். சரக்கின் அடக்கம் 23,60,000 ஆகிறது.

இதில் ஒரு கழிவு உண்டு. மாடிப்படி அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறான இடத்தில் எழும்பிவிட்டதால் இடித்துக் கட்டினார்கள். வீணான பொருள் 50,000, அதன் வரி 9,000, இரண்டு கூலியாட்களின் சம்பளம் 30,000. டைல்ஸ் வெட்டும்போது உடையும் துண்டு எந்தக் கட்டடத்திலும் இருக்கும். அது அடக்கத்தில் சேரலாம். இடித்த படிக்கட்டு அப்படியல்ல, இயல்புக்கு மீறிய வீண். அந்த 89,000 நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகும். பொருளில் சேர்வது 23,01,000 ரூபாய்.

ஆட்கள் விஷயத்தில்தான் ஊகம் அதிகம் நுழைகிறது. கிடங்கில் வேலை பார்த்த இருவர், மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளத்தில், 14 மாதமும் கட்டடத்திலேயே இருந்தார்கள். மொத்தம் 4,20,000, இடிப்புக்கான 30,000 போக 3,90,000 சேரும். கடை மேலாளர் கடையையும் பார்த்தார், கட்டடத்தையும் பார்த்தார். 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் கால் பங்கு நேரம் கட்டடத்துக்குப் போனதாக அன்றன்று எழுதிய வருகைக் குறிப்பு காட்டினால் 1,40,000 சேர்க்கலாம். குறிப்பு இல்லாமல், ஆண்டு முடிந்தபின் பாதி, கால் என்று மதிப்பிட்டு எழுதும் தொகை கேள்வி வந்தால் நிற்காது. பில்களுக்குப் பணம் கொடுத்த கணக்குப்பிள்ளையின் சம்பளம் பொது நிர்வாகச் செலவு. அதில் ஒரு பைசாவும் சேராது. உரிமையாளர் வெயிலில் நின்று வேலை வாங்கியிருக்கலாம். அதற்குக் கற்பனைச் சம்பளமும், அவர் போட்ட சொந்தப் பணத்துக்குக் கற்பனை வட்டியும் சேர்க்க இடமில்லை.

வெளியாருக்குக் கொடுத்ததில் சிக்கல் குறைவு. கொத்தனார், மின்வேலை ஒப்பந்தம் 12,00,000, கட்டடக் கலைஞர் கட்டணம் 1,50,000, வரைபட அனுமதி 80,000. ஆக 14,30,000. திறப்பு விழா, விளம்பரம், புதிய விற்பனையாளர்களுக்கான பயிற்சி ஆகியவை எவ்வளவு ஆனாலும் கட்டடத்தில் ஏறாது.

வட்டியில் மட்டும் ஏடும் வருமான வரியும் பிரிகின்றன. கட்டடத்துக்கென்றே வேலை தொடங்கியபோது வாங்கிய 20,00,000 ரூபாய்க் கடனுக்கு மாத வட்டி 15,000. கட்டடம் ஆடி தொடங்கும்போதே தயாராகிவிட்டது. ஆடியில் வேண்டாமென்று ஆவணியில் திறந்தார்கள். 16-ஆம் கணக்குத் தரத்தின்படி கட்டடம் தயாரானதும் வட்டி சேர்ப்பது நின்றுவிடும். ஆகவே 14 மாத வட்டி 2,10,000 மட்டும் கட்டடத்துக்கு. ஆடி மாத வட்டி செலவு. வருமான வரியிலோ சொத்து முதன்முதலில் பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை உள்ள வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது; அடக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். ஏட்டில் ஷோரூமின் விலை 44,71,000. வரிக் கணக்கில் அது 44,86,000.

வணிகக் கட்டடத்துக்கு வருமான வரியில் தேய்மானம் 10 சதவீதம். ஆவணியில் திறந்ததால் அந்த ஆண்டுக்கு முழு விகிதமும் கிடைக்கும். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டித் திறந்திருந்தால், பயன்பாடு 180 நாளுக்குக் குறைந்து, பாதிதான் கிடைத்திருக்கும்.

கட்டடம் கட்டுபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கொத்தனாருக்குச் சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கொடுப்பது வழக்கம். சொத்துக்கான செலவில் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வருமான வரியில் கட்டடத்தின் அடக்கமாகவே எண்ணப்படாது; அதற்குத் தேய்மானமும் கிடைக்காது. வாரக்கூலியை வங்கி வழியாகவே கொடுத்துவிடுங்கள்.