முன்பதிவு வீடியோவில் தேதி சொல்வது எப்படி?

2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பெபிள் என்ற கைக்கடிகாரத்துக்கு முன்பதிவு தொடங்கியது. செல்போனுக்கு வரும் தகவல்களை மணிக்கட்டிலேயே காட்டும் கடிகாரம் அது. எரிக் மிகிகோவ்ஸ்கியின் சிறிய குழு கேட்டது ஒரு லட்சம் டாலர். வந்து சேர்ந்ததோ ஒரு கோடிக்கும் மேல். செப்டம்பரில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் கடிகாரங்கள் கிளம்பியது 2013 ஜனவரி கடைசியில்தான்.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. செப்டம்பர் என்பது ஏறத்தாழ ஆயிரம் கடிகாரங்களுக்குப் போட்ட கணக்கு. ஆர்டர் பல பத்தாயிரங்களைத் தொட்டதும் தயாரிப்பு முறையையே மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை பேருக்கு என்று சொல்லாமல் ஒரு மாதத்தை மட்டும் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

சிறு தயாரிப்பாளர் முன்பதிவு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது அதிகம் யோசிக்க வேண்டிய வரி இந்தத் தேதிதான். செடித்தொட்டியின் ஈரத்தை அளந்து ப்ளூடூத்தில் செல்போனுக்குச் சொல்லும் கருவி ஒன்றை ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவின் முதல் நிமிடத்திலேயே அவர் இப்படிச் சொல்லலாம்:

“இது நான் செய்த மாதிரி. உள்ளே இருக்கும் சர்க்யூட் முடிந்துவிட்டது. வெளிக்கூடு மட்டும் 3டி பிரிண்டரில் எடுத்தது. உங்களுக்கு வரப்போவது அச்சில் வார்த்த கூடு. அந்த அச்சு இன்னும் செய்யவில்லை.”

எது முடிந்தது, எது முடியவில்லை என்பது பார்ப்பவருக்கு இதிலேயே தெரிந்துவிடும். 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டரும் கருவிகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: கம்ப்யூட்டரில் வரைந்த அழகுப் படத்தைக் காட்டக்கூடாது, கையில் இருக்கும் மாதிரியைத்தான் காட்ட வேண்டும்.

பெரும்பாலும் தாமதம் தொடங்கும் இடம் அச்சு. சீனத் தொழிற்சாலை ஒன்றில் அச்சு செய்ய எட்டு வாரம் ஆகிறது என்று கொள்வோம். செப்டம்பர் முடிவில் ஆர்டர் கொடுத்தால் டிசம்பர் தொடக்கத்தில் முதல் கூடுகள் கைக்கு வரும். அவற்றில் பட்டனை அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடத்தில் மேற்பரப்பு குழிந்திருக்கலாம். அச்சின் உலோகத்தைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பது எளிது, செதுக்கிய இடத்தை மறுபடி நிரப்புவது கடினம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று வாரம் போகும்.

குறையே இல்லையென்றால் பிப்ரவரி தொடக்கத்தில் பார்சல் கிளம்பிவிடும். இரண்டு திருத்தம் வந்தால் அவை முடியவே ஜனவரி நடுப்பகுதி தாண்டிவிடும். அதை ஒட்டியே சீனப் புத்தாண்டு வரும். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி, ஆலை முழுவேகம் பிடிக்கப் பல வாரம் ஆகும். ஆறு வாரத் திருத்தம் இப்படிப் பத்து வாரத் தாமதமாகிவிடும். இந்தக் கணக்கை வீடியோவில் திறந்து சொல்ல வேண்டும்:

“எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்தால் பிப்ரவரி. அச்சைத் திருத்த வேண்டி வந்தால் ஏப்ரல். பெரும்பாலும் திருத்த வேண்டி வரும், அதனால் ஏப்ரல் என்றே நினைத்துப் பணம் கட்டுங்கள். இந்தத் தேதி முதல் 500 பேருக்கு மட்டும். அதற்குப் பிறகு பதிவு செய்பவர்களுக்கு ஜூலை.”

பிப்ரவரியைப் பெரிய எழுத்தில் காட்டி, ஏப்ரலை மூலையில் பொடி எழுத்தில் போடுவது நேர்மை ஆகாது. இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது பணம். அச்சுக்குக் கொடுத்த தொகை திரும்ப வராது. அதனால் எதுவரை பணத்தைத் திருப்பித் தர முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்:

“அச்சு ஆர்டர் கொடுக்கும் செப்டம்பர் 30 வரை, கேட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு ரத்து செய்ய முடியாது. ஆனால் ஜூன் 30-க்குள் முதல் 500 பேருக்கு அனுப்பாவிட்டால், அவர்களில் கேட்பவர்களுக்கு முழுப் பணத்தையும் தருவேன். அந்தத் தொகையைத் தனியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நிலவரம் எழுதுவேன். சொல்ல ஒன்றும் இல்லாத மாதத்திலும் எழுதுவேன்.”

தனியாக வைக்காதவர் அந்த வரியைச் சொல்லக்கூடாது. அமெரிக்காவில் ஆன்லைனில் விற்பவருக்கு இது சட்டமாகவே இருக்கிறது: சொன்ன தேதியில் அனுப்ப முடியாவிட்டால் வாங்கியவருக்குத் தெரிவித்து, ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும்.

இப்படி வெளிப்படையாகப் பேசினால் அவசரத்தில் வாங்குகிற சிலர் விலகிப்போவார்கள். ஏப்ரல் வரை காத்திருக்கத் தயாரானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். சிறு தயாரிப்பாளரால் சமாளிக்க முடிகிற வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். நீங்கள் வாங்குபவராக இருந்தால், தேதியோடு எண்ணிக்கையும், தாமதமானால் பணம் என்ன ஆகும் என்பதும் வீடியோவில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.