இரண்டு விநாடியில் மாம்பழத்தின் பூர்வீகம்

2016ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஃபிராங்க் யியானஸ், கடையிலிருந்து நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து தன் குழுவினரின் முன் வைத்தார். ‘இந்தப் பழம் எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று கண்டுபிடியுங்கள்’ என்பதுதான் அவர் கொடுத்த வேலை. பதில் வர 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆனது. பிறகு, ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து பிளாக்செயினில் அமைத்த சோதனை முறையில் அதே கேள்விக்கு 2.2 விநாடியில் விடை கிடைத்தது.

பிளாக்செயின் பற்றிய கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை இது. ஆனால் அந்த வேகம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

முதலில் அந்த ஆறு நாள் எங்கே போயிற்று என்று பார்ப்போம். மெக்சிகோ தோட்டத்தில் பறித்த மாம்பழம் பேக்கிங் கூடத்துக்குப் போகிறது. அங்கே கழுவி, வெந்நீரில் மூழ்கவைத்து, பெட்டியில் அடைத்து, எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். பிறகு நறுக்கும் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, கடை. ஒவ்வொருவரும் யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று தமக்கு முன்னும் பின்னும் ஒரு படியை மட்டும் எழுதி வைத்தால் போதும் என்பதே அமெரிக்கச் சட்டத்தின் அன்றைய ஏற்பாடு. அந்தக் கணக்கு ஓரிடத்தில் காகிதத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் கணினியில் இருக்கும். ஒருவர் வைத்த லாட் எண் அடுத்தவருக்குப் புரியாது. எனவே ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதை வைத்து அடுத்தவரிடம் போக வேண்டியிருந்தது.

சோதனை முறையில் மாறியது இதுதான்: எல்லோரும் தங்கள் விவரங்களை முன்கூட்டியே, ஒரே வடிவத்தில், ஒரே பொது இடத்தில் பதிந்தார்கள். லாட் எண்ணைத் தட்டியதும் மற்றவை வரிசையாக வந்து நின்றன. இதைச் செய்ய சாதாரணத் தரவுத்தளமே போதும். விவரம் முழுதும் உள்ளே இருந்தால் அதுவும் விநாடிக் கணக்கில் தேடித் தந்துவிடும். வேகத்தைக் கொடுத்தது எல்லோரும் சேர்ந்து பதிந்த ஒழுங்கு.

அப்படியானால் பிளாக்செயின் கூடுதலாகத் தருவது என்ன? இதற்கு அந்த வெந்நீர்த் தொட்டிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பழ ஈயின் முட்டை, புழு உயிரோடு நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதால், மெக்சிகோ மாம்பழத்தைச் சுமார் 46 டிகிரி வெந்நீரில் குறிப்பிட்ட நேரம் மூழ்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நிபந்தனை. பழம் பெரிதானால் நேரமும் கூடும். உருண்டை ரகங்களில் 500 கிராம் வரையிலான பழத்துக்கு 75 நிமிடம், 500 முதல் 700 கிராம் வரை 90 நிமிடம். ஒரு பேக்கிங் கூடம் பெரிய பழங்களை 75 நிமிடத்திலேயே எடுத்துவிட்டு, அப்படியே பதிந்தும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்துச் சிக்கல் வருகிறது. 75ஐ 90 ஆக்கிவிட யாருக்காவது ஆசை வரும்.

சாதாரணத் தரவுத்தளத்தில், நிர்வாகி கையில் சாவி இருந்தால் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடலாம். பிளாக்செயினில் அது எளிதல்ல. ஒவ்வொரு பதிவுத் தொகுப்புக்கும் கைரேகை போன்ற ஒரு குறியெண்ணைக் கணினி கணக்கிடுகிறது. இதற்கு ஹாஷ் என்று பெயர். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். ஒரு தொகுப்பின் ஹாஷ் அடுத்த தொகுப்புக்குள் எழுதப்படுகிறது, அதன் ஹாஷ் அதற்கடுத்ததில். ஆகவே மார்ச் மாதப் பதிவில் கை வைத்தால், அதற்குப் பின் வந்த சங்கிலி முழுதும் பொருந்தாமல் போகும். அந்தச் சங்கிலியின் பிரதி விவசாயிகள் சங்கத்திடமும் ஆலையிடமும் இறக்குமதியாளரிடமும் தனித்தனியாக இருந்தால், ஒருவர் திருத்திய ஏடு மற்றவர்களின் ஏட்டோடு ஒத்துப் போகாது.

ஆக, பிளாக்செயின் தருவது வேகமல்ல, பழைய கணக்கை ஒருவரும் பிறகு மாற்றவில்லை என்பதற்கான சான்று. ஏட்டை நடத்துபவராலும் மாற்ற முடியாது என்பது அதில் முக்கியம். பெரிய கடை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் விவரம் பதியும் சிறு விவசாயிக்கு, நாளை தன்மேல் பழி வந்தால் காட்டுவதற்குத் தன் கையிலும் ஒரு பிரதி இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் பிரதிகள் உண்மையிலேயே வெவ்வேறு கைகளில் இருந்தால்தான் அது கிடைக்கும். எல்லாப் பிரதியும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தால், பெயர்தான் பிளாக்செயின், நம்ப வேண்டியது பழையபடி அந்த நிறுவனத்தைத்தான்.

இந்தச் சான்றில் பெரும்பகுதியைச் செலவு குறைந்த வழியிலும் பெறலாம். தரவுத்தளத்தை ஒருவரே நடத்தட்டும். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பதிவுகளின் ஹாஷை எல்லாப் பங்காளிகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடட்டும். பிறகு அவர் பழைய பதிவை மாற்றினால், தங்களிடமுள்ள ஹாஷோடு ஒப்பிட்டு யாரும் பிடித்துவிடலாம்.

இரண்டு முறைகளாலும் முடியாதது ஒன்று உண்டு. தொட்டியருகே நிற்கும் ஊழியர் 75 நிமிடத்தில் எடுத்துவிட்டு, முதல் முறையே 90 என்று எழுதினால், பிளாக்செயின் அந்தப் பொய்யை அழியாமல் பத்திரமாக வைத்திருக்கும். அதைப் பிடிக்கத் தொட்டியில் தானே பதியும் வெப்பமானி வேண்டும், முன்னறிவிப்பில்லாமல் வரும் ஆய்வாளர் வேண்டும்.

2018 வசந்த காலத்தில் அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 210 பேரை ஈ.கோலை கிருமி தாக்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். காரணம் அரிசோனாவின் யூமா பகுதியில் விளைந்த ரோமைன் என்ற கீரை வகை. இதையடுத்து அந்த ஆண்டு செப்டம்பரில், கீரை அனுப்புவோர் எல்லாம் ஓராண்டுக்குள் தன் பிளாக்செயின் முறையில் சேர வேண்டும் என்று வால்மார்ட் கடிதம் எழுதியது. ஆனால் விசாரணையில் எல்லாத் தடங்களும் ஒரே தோட்டத்தில் வந்து முடியவில்லை. பல தோட்டங்களின் கீரையை ஆலையில் ஒன்றாகக் கலந்து, நறுக்கி, பையில் அடைக்கும்போது, ஒரு பைக்குப் பல பூர்வீகம் வந்துவிடுகிறது. கலந்த பிறகு பிரித்துச் சொல்ல எந்த ஏட்டாலும் இயலாது. எந்தெந்த லாட்டுகள் எந்த மணி நேரத்தில் கலந்தன என்று ஆலை குறித்து வைத்தால், சந்தேக வட்டத்தைச் சுருக்கலாம், அவ்வளவே.

யாரிடம் ஏட்டைக் கொடுப்பது என்ற தகராறே இல்லாத இடங்களும் உண்டு. ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியத் திராட்சைக்கு, வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா 2006இல் ‘கிரேப்நெட்’ என்ற இணையவழி முறையைக் கொண்டுவந்தது. தோட்டப் பதிவு, பூச்சிமருந்து எச்சத்துக்கான ஆய்வக முடிவு, பேக்கிங் கூடம், ஏற்றுமதிச் சான்றிதழ் எல்லாம் ஒரு மையத் தரவுத்தளத்தில் இணைகின்றன. விவசாயி, ஆய்வகம், ஏற்றுமதியாளர் ஆகிய மூவருக்கும் பொதுவான அதிகாரியாக ஓர் அரசு அமைப்பு இருப்பதால், பிளாக்செயின் இல்லாமலே அது நடக்கிறது.

பொதுவான அதிகாரி இல்லாத, ஒருவரையொருவர் நம்பாத போட்டியாளர்கள் கூடும் இடத்தில்தான் பிளாக்செயினுக்கு வேலை. அங்கேயும் அவர்களை உட்காரவைப்பது தொழில்நுட்பத்தின் கையில் இல்லை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து சரக்குக் கப்பல் ஆவணங்களுக்காக 2018இல் ‘டிரேட்லென்ஸ்’ என்ற பிளாக்செயின் தளத்தைத் தொடங்கின. உலகளாவிய ஒத்துழைப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தன.

மாம்பழப் பொட்டலத்தை வாங்கி வந்த யியானஸ், 2018 இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் உயர் பொறுப்புக்குப் போனார். அவர் அங்கிருந்த காலத்தில், 2022 நவம்பரில், உணவின் தடமறிதலுக்கான புதிய விதி வெளியானது. இன்ன உணவுகளுக்கு லாட் குறியீடு வைக்க வேண்டும், பறிப்பது முதல் விற்பனைக்கு வருவது வரை முக்கியமான கட்டங்களில் இன்னின்ன விவரங்களைக் குறிக்க வேண்டும், நோய் பரவும் நேரத்தில் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது 2028 ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பிளாக்செயினை அது கட்டாயமாக்கவில்லை. அவசர நேரத்தில் விவரங்களை எந்த வடிவில் தர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது: வரிசைப்படுத்திப் பார்க்கக்கூடிய ஒரு கணினி அட்டவணையாக.