நிர்வாகி இல்லாத வாட்ஸ்அப் குழு: மீட்பது எப்படி?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 46 பேர் இருந்தார்கள். சனிக்கிழமை பள்ளி உண்டு என்ற ஒரு வரிச் செய்தியை அதில் அனுப்ப வேண்டும். யாராலும் அனுப்ப முடியவில்லை. நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழு அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரே நிர்வாகியான வகுப்பாசிரியை மாறுதலில் வேறு மாவட்டம் சென்றுவிட்டார். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை.

அந்தக் குழுவை மீட்க எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. அதில் தெரிந்துகொண்டதைப் பகிர்கிறேன். மாறுதலும் பணி ஓய்வும் எல்லாப் பள்ளியிலும் உண்டு என்பதால், இந்தச் சிக்கல் எங்களோடு முடிவதில்லை.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

"குழுவுக்கு நிர்வாகி இல்லை" என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வழி வேறு.

முதல் வகையில் ஒரே நிர்வாகி குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார், அல்லது தம் வாட்ஸ்அப் கணக்கையே நீக்கிவிடுகிறார். வாட்ஸ்அப் அப்போது குழுவை நிர்வாகி இல்லாமல் விடாது. உறுப்பினர்களில் யாராவது ஒருவரைத் தானாகவே நிர்வாகி ஆக்கிவிடும். அவர் ஆசிரியரா பெற்றோரா என்று அது பார்ப்பதில்லை, அவர் சம்மதத்தையும் கேட்பதில்லை.

இரண்டாம் வகையில் நிர்வாகி வெளியேறவில்லை. அவர் எண் உறுப்பினர் பட்டியலில் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த எண்ணை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. போன் தொலைந்திருக்கலாம், எண் மாறியிருக்கலாம், அவர் காலமாகியும் இருக்கலாம். வாட்ஸ்அப்பின் கணக்குப்படி குழுவுக்கு நிர்வாகி இருக்கிறார். ஆகவே அது வேறு யாரையும் நியமிக்காது.

எந்த வகை என்று அறிவது எளிது. குழுவின் பெயரைத் தொட்டு `Group info` பக்கத்துக்குச் சென்று உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். நிர்வாகியின் பெயருக்கு எதிரே `Group Admin` என்று இருக்கும். எதிர்பாராத ஒருவர் பெயருக்கு எதிரே அது இருந்தால் முதல் வகை. கடந்த 60 நாட்களுக்குள் வெளியேறியவர்களின் பட்டியலும் அதே பக்கத்தின் அடியில் கிடைக்கும். பழைய நிர்வாகி அதில் இருக்கிறாரா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

பழைய நிர்வாகியின் பெயருக்கு எதிரேயே `Group Admin` இருந்தால், அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். நாட்கணக்கில் ஒற்றை டிக்கே நின்று, அழைத்தாலும் இணைப்பு கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஒற்றை டிக்கை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். அவர் உங்களைத் தடை செய்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

தெரியாதவர் நிர்வாகி ஆகிவிட்டால்

முதல் வகையில் தீர்வு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புக் குழுவில் இதுவும் நடந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற மறுவாரம் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறினார். ஒரு மாணவனின் அப்பா நிர்வாகி ஆகிவிட்டார். அவருக்கு அது தெரியாது. போன் பெரும்பாலும் மகன் கையில்தான் இருக்கும். இரண்டே நாளில் குழுவின் படம் ஒரு நடிகரின் படமாக மாறியது.

குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முடிவு செய்தோம். கோபத்தில் ஒரு விரல் தட்டினால் அந்த நிர்வாகி யாரையும் நீக்கிவிட முடியும். வகுப்பாசிரியர் அந்தத் தந்தையை நேரில் வரச் சொன்னார். உறுப்பினர் பட்டியலில் வகுப்பாசிரியரின் பெயரை அழுத்திப் பிடித்து `Make group admin` என்பதைத் தொடச் சொன்னார். பிறகு வகுப்பாசிரியர் தம் போனில் அந்தத் தந்தையின் பெயரை அழுத்தி `Dismiss as admin` கொடுத்தார். தந்தை சாதாரண உறுப்பினராகக் குழுவிலேயே தொடர்ந்தார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

எண் செயலிழந்திருந்தால்

ஐந்தாம் வகுப்புக் குழு இரண்டாம் வகை. புதிய ஊரில் பழைய நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கவில்லை என்று அந்த ஆசிரியை வேறு எண் வாங்கிவிட்டார். பழைய சிம் இருந்த போன் பேருந்தில் தொலைந்துபோயிற்று. இரண்டு மாதமாகியும் பழைய எண் அவர் பெயரிலேயே இருந்தது. அதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குழுவின் உறுப்பினர் நிலையும் நிர்வாகி நிலையும் போனில் இல்லை. அவை அந்தத் தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப்பின் சர்வரில் இருக்கின்றன. போன் தொலைந்தாலும் எண்ணை மீட்டால் நிர்வாகி நிலை திரும்பிவிடும். காப்புப் பிரதி இல்லாவிட்டால் பழைய செய்திகள் மட்டும் வராது.

ஆசிரியையிடம், "டீச்சர், பழைய நம்பருக்கு ஒரு டூப்ளிகேட் சிம் மட்டும் வாங்கிடுங்க" என்று கேட்டுக்கொண்டோம். அடையாள அட்டையோடு சென்று வாங்கினார். புதிய சிம் செயல்படத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க நம் நாட்டில் இருக்கும் ஏற்பாடு இது. ஆகவே வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணுக்காக மறுநாள்வரை காத்திருந்தார்.

தம் போனில் புதிய எண்ணின் வாட்ஸ்அப் இருந்ததால், அதைக் குழப்பாமல் கணவரின் பழைய போனில் சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பை நிறுவி, பழைய எண்ணைப் பதிந்தார். ஆறு இலக்க எண் வந்தது. அடுத்துத் திரையில் இன்னொரு பின் எண் கேட்டது. எப்போதோ இரண்டு கட்டச் சரிபார்ப்பை அமைத்து மறந்திருக்கிறார். மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதன் வழியாக உடனே மாற்றியிருக்கலாம். கொடுக்கவில்லை. அப்படியானால் ஏழு நாள் காத்திருந்துதான் பின் எண்ணை மாற்ற முடியும். எங்கள் பத்து நாளில் ஏழு நாள் இதில் போயிற்று.

எட்டாம் நாள் கணக்கு திறந்தது. குழு பட்டியலில் வந்தது, நிர்வாகி நிலையும் இருந்தது. தலைமையாசிரியரையும் புதிய வகுப்பாசிரியரையும் என்னையும் நிர்வாகி ஆக்கினார். எங்கள் போனில் `Group Admin` என்று தெரிந்ததை உறுதி செய்த பிறகே அவரை வெளியேறச் சொன்னோம். இந்த வரிசை முக்கியம். முதலில் வெளியேறியிருந்தால் யாரோ ஒரு பெற்றோர் நிர்வாகி ஆகியிருப்பார், நாங்கள் முதல் வகைக்குப் போயிருப்போம்.

காத்திருந்தால் என்ன ஆகும்?

"சும்மா விட்டால் தானாகச் சரியாகிவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வாட்ஸ்அப்போடு இணையாமல் 120 நாள் கிடக்கும் கணக்குகள் பொதுவாக நீக்கப்படுகின்றன. கணக்கு நீங்கினால் அதன் குழு உறுப்பினர் நிலையும் போகும், நிர்வாகி பொறுப்பு யாரிடமோ சேரும். நான்கு மாதம் காத்திருந்து கிடைப்பது அவ்வளவுதான். அதற்குள் பயன்படுத்தாத சிம்மையும் நிறுவனம் துண்டித்துவிடக்கூடும். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும், மீட்கும் வழி அடைபடும். ஆகவே எண் செயலிழந்தது தெரிந்த வாரத்திலேயே முயல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் நிறுவனம் நடுவில் வந்து உங்களை நிர்வாகி ஆக்கித் தருவதில்லை. "நிர்வாகி உரிமையை மீட்டுத் தருகிறோம், உங்களுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அவர் திருடப் பார்ப்பது உங்கள் சொந்தக் கணக்கை.

எண்ணை மீட்க முடியாவிட்டால்

அப்போது புதிய குழுதான். குழுவில் எல்லாரும் செய்தி அனுப்ப முடியுமானால் புதிய குழுவின் இணைப்பை அதிலேயே இடலாம். எங்கள் குழுவைப் போலப் பூட்டியிருந்தால் அதுவும் முடியாது. ஒலிபரப்புப் பட்டியலும் உதவாது. உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும். நிச்சயமான வழி காகிதம்தான். புதிய குழுவின் `Invite via group link` பகுதியில் க்யூ ஆர் குறியீடு கிடைக்கும். அதை அச்சிட்டுப் பள்ளி வாசலிலும் மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒட்டுங்கள். அந்தக் குறியீட்டை யாரும் படமெடுத்துப் பரப்பலாம் என்பதால், நிர்வாகி ஒப்புதலுக்குப் பிறகே சேரும்படி அமைத்து, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சேருங்கள். எல்லாரும் சேர்ந்ததும் `Reset link` கொடுத்தால் பழைய குறியீடு செல்லாது.

பழைய குழுவை வெளியிலிருந்து மூட முடியாது. ஒவ்வொருவராக வெளியேறத்தான் வேண்டும். அதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

டெலிகிராமில் ஒரு வேறுபாடு

பாடப்பொருள் பகிர டெலிகிராம் சேனல் வைத்திருப்போர் பலர். அங்கே நிர்வாகிகளுக்கு மேல் உரிமையாளர் என்று ஒருவர் உண்டு. உரிமையை அவரே இன்னொரு நிர்வாகிக்கு மாற்றித் தரலாம். ஆனால் அவர் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு அமைத்து ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும், அந்தப் போனில் உள்நுழைந்து 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பணி விடுவிப்பு நாளன்று மாலை உட்கார்ந்து தொடங்கினால் முடியாது.

விடுவிப்புக்கு முன்

இப்போது எங்கள் பள்ளியில் எந்தக் குழுவுக்கும் இரண்டு நிர்வாகிகளுக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அதில் ஒருவர் எப்போதும் தலைமையாசிரியர். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவி, இருப்புப் பதிவேடு இவற்றுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: குழுவின் பெயர், புதிய நிர்வாகியின் பெயர், அவர் போனில் `Group Admin` என்று பார்த்துச் சரிபார்த்தவரின் கையொப்பம். அந்த வரி நிரம்பிய பிறகே மாறுதலில் செல்பவர் குழுவிலிருந்து வெளியேறுகிறார்.