‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’: டிசைனர்களின் போர்ட்ஃபோலியோ நேர்காணல்

செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைக்கும் டிசைனர்களை வேலைக்கு எடுக்கும்போது போர்ட்ஃபோலியோ நேர்காணல் என்றொரு கட்டம் வரும். விண்ணப்பித்தவர் தாம் முன்பு செய்த ஒன்றிரண்டு வேலைகளைத் திரையில் காட்டி விளக்குவார்; எதிரில் உள்ளவர்கள் நடுநடுவே கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூத்த டிசைனர்கள் ஒருவரோ இருவரோ, ஒரு புராடக்ட் மேனேஜர், சில இடங்களில் ஒரு டெவலப்பர் எனக் குழு சிறியதுதான். படங்களை அவர்கள் முன்பே பார்த்திருப்பார்கள், பிடித்துப்போனதால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன: ஒவ்வொரு முடிவும் எப்படி எடுக்கப்பட்டது, அதை யாராவது மறுத்துப் பேசினால் இவர் என்ன செய்வார்.

பலர் இந்த நேரத்தை முன்னுரையிலேயே கரைத்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் வரலாறு, ஆய்வு முறையின் பெயர்கள், சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளின் புகைப்படங்கள் என்று போய், முக்கியமான திரை வரும்போது பத்து நிமிடம்கூட மீதி இருக்காது. ஓர் ஆய்வு எந்த முடிவையும் மாற்றவில்லை என்றால் அதைக் காட்டாமல் விடுவதே மேல்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மொபைல் எண்ணைத் தட்டிப் பணம் அனுப்பும் செயலி ஒன்று. ஓர் இலக்கம் மாறி, பணம் வேறொருவருக்குப் போய்விட்டதாகப் புகார்கள் வருகின்றன. எண், தொகை, பின் நம்பர் என்று மூன்று படிகளில் முடிந்த வேலைக்கு நடுவில் டிசைனர் ஒரு திரையைச் சேர்க்கிறார். எண்ணைத் தட்டியதும் அந்த எண்ணுக்கு உரியவரின் பெயர் வரும். ‘ஆம், இவர்தான்’ என்பதை அழுத்திய பிறகே தொகையைக் கேட்கும்.

ஏன் இந்தத் திரை என்று குழு கேட்கிறது. ‘பயனருக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக’ என்று பதில் வந்தால் குழுவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தத் திரையை எடுத்துவிட்டவரும் இதே வாக்கியத்தைச் சொல்லலாம். நேர் எதிரான வடிவமைப்புக்கும் பொருந்துகிற காரணம் காரணமே ஆகாது. விளக்கத்தை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கைவிட்ட வழிகளிலிருந்து தொடங்கினால் பதிலுக்கு உயிர் வரும். எண்ணை இரண்டு முறை தட்டச் சொல்லலாம். ஆனால் முதலில் தட்டியதையே பலர் நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். அனுப்பிய பிறகு ரத்து செய்யும் வசதி தரலாம். ஆனால் உடனுக்குடன் கணக்கில் சேர்ந்துவிடும் பணத்தை அனுப்பியவரே திரும்ப இழுக்க முடியாது. அதனால், அனுப்புவதற்கு முன்பே நிறுத்திப் பார்க்க வைக்கும் வழி மிஞ்சியது. அதற்கு விலையும் உண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு கூடுதல். இந்த விலையைக் குழு கேட்பதற்கு முன் டிசைனரே சொல்லிவிடுவது நல்லது. குழு கேட்ட பிறகு சொன்னால் அதே வாக்கியம் சமாளிப்புப்போல ஒலிக்கும்.

யார் செய்தது என்பதும் இங்கேயே தெளிவாகவேண்டும். ‘நாங்கள்’ என்றே பேசிக்கொண்டு போனால் இவருடைய பங்கு எது என்று தெரியாது; எல்லாவற்றுக்கும் ‘நான்’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள். புகார்களைத் தொகுத்தது உதவி மையம், திரையை வடிவமைத்ததும் சோதித்ததும் நான் என்று பிரித்துச் சொன்னால் போதும்.

அடுத்து விமர்சனம். எல்லா விமர்சனமும் ஒரே வகையல்ல. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் விதம் வேறு.

மூத்த டிசைனர் திரையைப் பார்த்துவிட்டு, ‘பெயர் வெளிறிப்போய்த் தெரிகிறதே’ என்கிறார். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்து. இது ரசனை விவகாரமில்லை, அளந்து சொல்லிவிடலாம். இந்த இரு நிறங்களுக்கும் இடையிலான ஒளி வேறுபாடு ஏறத்தாழ 2.85-க்கு 1. வழக்கமான அளவு எழுத்துக்கு WCAG அணுகல் விதிகளின் ‘AA’ நிலை கேட்பது குறைந்தது 4.5-க்கு 1. ‘பிராண்ட் நிறம் அது’, ‘கிளையன்ட் கேட்டார்’ என்ற பதில்கள் இங்கே விண்ணப்பதாரரைக் கீழே இறக்கிவிடும். ‘ஆமாம் மேடம், மன்னிக்கணும்’ என்று அவசரமாக ஒப்புக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவுவதும் பெரிதாக உதவாது. குறையைத் தம் நோக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவரே கவனம் பெறுகிறார்: ‘இந்தத் திரை இருப்பதே பெயரைப் படிக்க வைக்கத்தான். அதையே மங்கலாக வைத்தது தப்புதான். கறுப்பாக்கி, எண்ணைவிடப் பெரிதாக்குவேன்.’ சாம்பலே வேண்டுமென்றாலும் #767676 வரை அடர்த்தியாக்கினால் விதிக்குள் வந்துவிடும். ஆனால் இந்தப் பெயருக்கு அதுவும் போதாது என்று தாமே சொல்ல முடிந்தால், விமர்சனம் அவருக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

புராடக்ட் மேனேஜரின் கேள்வி வேறு மாதிரி. ‘வேகமாக அனுப்பத்தானே வருகிறார்கள், ஒரு திரை கூடுதல் என்றால் எரிச்சல்படமாட்டார்களா?’ இதற்குப் பணிந்துவிடக் கூடாது. தன் முடிவைத் தானே கைவிடுபவர் நாளை ஒவ்வொரு கூட்டத்திலும் கைவிடுவார் என்றே குழு நினைக்கும். கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, கையில் உள்ளதைச் சொல்லலாம். ஓர் இலக்கம் மாறிய எண்ணை 6 பேரிடம் கொடுத்துச் சோதித்ததில் 5 பேர் பெயரைப் பார்த்து நின்றார்கள், ஒருவர் பார்க்காமலே தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒருவரையும் சேர்த்தே சொல்லவேண்டும். 6 பேரை வைத்துச் சதவீதம் பேசினால் சிரிப்பார்கள். எங்கே தடுக்குகிறது என்பதை மட்டுமே இத்தனை சிறிய சோதனை காட்டும். புதிய திரையால் பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அளக்கவில்லை என்றால் அளக்கவில்லை என்பதே பதில். பிறகு கேள்வியில் இருக்கும் நியாயத்துக்கு இடம் கொடுக்கலாம்: முன்பே பணம் அனுப்பிய எண்ணுக்கு இந்தத் திரை தேவையில்லை, புதிய எண்ணுக்கு மட்டும் வைக்கலாம். முடிவு நிற்கிறது, விளிம்பு மட்டும் மாறுகிறது.

தகவல் தெரியாமல் வரும் விமர்சனமும் உண்டு. ‘போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலிலிருந்தே எடுத்திருக்கலாமே’ என்று டெவலப்பர் கேட்கலாம். அந்தப் பட்டியலைப் படிக்க அனுமதி கேட்பதில்லை என்று நிறுவனம் முடிவு செய்திருந்தால், அதை ஒரே வரியில் சொல்லி, அந்தத் தடை இல்லாவிட்டால் என்ன செய்திருப்பார் என்பதையும் சேர்த்தால் முடிந்தது. இப்படிப்பட்ட இடங்களில் பழைய மேலாளரைக் குறை சொல்லும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். பொத்தான் நீலமா பச்சையா என்பதுபோன்ற ரசனைக் கருத்துகளுக்கு ‘பார்க்கலாம்’ என்பதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

தயாரிப்பும் இதையொட்டியே அமையும். காட்டப்போகும் ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் எதைக் கைவிட்டோம், எதை இழந்தோம் என்று ஒரு வரி எழுதிவைத்து, அந்தத் துறை தெரியாத நண்பரிடம் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லிப் பழகலாம். வாடிக்கையாளர்களின் உண்மைப் பெயர்களையும் எண்களையும் திரைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்னும் வெளிவராத வேலையைக் காட்டவே கூடாது. பழைய நிறுவனத்தின் ரகசியத்தை இங்கே திறப்பவர் நம்முடையதையும் திறப்பார் என்று குழு கணக்குப்போடும்.

கேள்வி கேட்பவர்களும் எப்போதும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியாது. வேலையை விட்டு ஆளைக் கிண்டல் செய்யும் குழுக்களும் உண்டு, தங்கள் செயலிக்கு இலவசமாக யோசனை கறக்கும் குழுக்களும் உண்டு. அந்த இடத்தில் வேலை பார்க்கலாமா வேண்டாமா என்பதை விண்ணப்பித்தவரும் அதே ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.