முக்கியத்துவ அணி

நுழையும்முன்

ஓர் ஆலை ஓராண்டில் ஈட்டிய வரவையும் செய்த செலவையும் சொல்வது நிதிநிலை அறிக்கை. அவ்வாலை எடுத்த நீர், வெளியேற்றிய கழிவு, தொழிலாளர்க்கு அளித்த பாதுகாப்பு ஆகியவற்றைச் சொல்வது நிலைத்தன்மை அறிக்கை. சொல்லத்தக்கவை நூறு இருக்க, அவற்றுள் எவற்றைச் சொல்வது, எதை முதலில் வைப்பது என்னும் வினாவுக்கு விடைகாண உதவும் கருவியை இப்பாடம் விளக்குகிறது.

நாற்கட்டம்

அணி என்றவுடன் தமிழ் மாணவர்க்கு உவமையும் உருவகமும் நினைவுக்கு வரும்; கணித மாணவர்க்கு நிரையும் நிரலும் தோன்றும். இங்குப் பேசப்படுவது இரண்டாவதற்குச் சற்று நெருங்கியது. ஒரு தாளில் கிடைக்கோடு ஒன்றும் செங்குத்துக்கோடு ஒன்றும் வரையப்படுகின்றன. ஒரு சிக்கல் ஆலையின் தொழிலை எந்த அளவுக்குத் தாக்கும் என்பதைக் கிடைக்கோடு அளக்கும். அச்சிக்கலைக் குறித்துத் தொடர்புடையோர் எந்த அளவுக்குக் கவலை கொள்கின்றனர் என்பதைச் செங்குத்துக்கோடு அளக்கும். தொடர்புடையோர் என்போர் ஆலையால் பயனோ பாதிப்போ அடைபவர்கள். தொழிலாளர், கொள்முதல் செய்வோர், கடன் தந்த வங்கி, அண்டை ஊரார், கீழ்மடை உழவர் எனப் பலர். பங்கு வாங்கியவர் மட்டுமே தொடர்புடையோர் என்று கருதுவது பிழை.

ஒவ்வொரு சிக்கலுக்கும் இருவகை மதிப்பெண் இட்டு, உரிய இடத்தில் புள்ளி வைத்தால் அணி உருவாகிவிடும். வலப்புற மேல்மூலையில் விழும் புள்ளிகள் அறிக்கையில் விரிவாகப் பேசப்படும். இடப்புறக் கீழ்மூலையில் விழுபவை ஓரிரு வரிகளில் முடியும். கேட்பதற்கு எளிதான வேலைதான். ஆனால் புள்ளி எங்கே விழுகிறது என்பது, யாரிடம் எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ளவை, 2022-23ஆம் நிதியாண்டு முதல் பொறுப்புடைமை, நிலைத்தன்மை குறித்த அறிக்கையைக் கட்டாயம் அளிக்க வேண்டும் எனச் செபி விதித்துள்ளது. முக்கியமெனக் கருதும் சிக்கல் எது, அது இடரா வாய்ப்பா, ஏன் அவ்வாறு கருதப்படுகிறது, அதனை எதிர்கொள்ளும் வழி யாது, அதனால் நிதியில் விளைவது என்ன என்று அவ்வறிக்கையின் படிவமே கேட்கிறது. சிறிய ஆலைகளுக்கு இவ்விதி நேரடியாகப் பொருந்தாது. எனினும் பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கும் சிறிய ஆலைகளிடமும் இக்கேள்விகள் வந்துசேர்கின்றன.

உப்பு என்னும் சிக்கல்

திருப்பூர்ப் பகுதியில் பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்று நாளொன்றுக்கு 5,000 கிலோ துணியைக் கையாள்கிறது எனக் கொள்க. இது விளக்கத்துக்காகப் புனைந்த ஆலை. இதற்குரிய எண்களும் அவ்வாறே.

பருத்தி இழையில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். நீரில் பருத்தி இழையும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையிடம் சேர்க்கிறது. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக்கரைசல், லிட்டருக்குச் சராசரி 60 கிராம் உப்பு என்று கணக்கிட்டால், இவ்வாலையிலிருந்து நாள்தோறும் 1,800 கிலோ உப்பு வெளிவருகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு நிறத்தைப் பெருமளவு நீக்கலாம். கரைந்த உப்பை அவற்றால் நீக்க முடியாது. தெளிந்து தோன்றும் நீரே நிலத்தைக் கெடுக்கும் நீராகவும் இருக்கலாம். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சிய அடர்கரைசலைக் காய்ச்சி வற்றச் செய்தால்தான் உப்பு பிரியும். அவ்வாறு பிரித்ததில் மீண்டும் பயன்படாத கலப்பு உப்பும் கசடும் ஆலை வளாகத்திலேயே குவியும்.

எண்ணும் முறையால் மாறும் இடம்

இவ்வாலை தன் சிக்கல்களைத் தரப்படுத்த வினாத்தாள் அனுப்பியது. அறுபது விடைகள் வந்தன. முப்பது அலுவலகப் பணியாளருடையவை; பதினெட்டு கொள்முதல் செய்வோருடையவை; எட்டு தொழிலாளருடையவை; நான்கு உழவருடையவை. மின்னஞ்சலில் அனுப்பப்படும் வினாத்தாளுக்கு இத்தகைய விகிதத்தில் விடை வருவது வியப்பன்று. ஆற்றங்கரை உழவர் மின்னஞ்சலுக்குக் காத்திருப்பவர் அல்லர்.

உப்புக்கழிவுச் சிக்கலுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற வினாவுக்கு அலுவலகத்தார் 2, கொள்முதல் செய்வோர் 3, தொழிலாளர் 3, உழவர் 5 என்று அளித்தனர். ஆலை வளாகத்தில் மரம் நடுதலுக்கு அதே வரிசையில் 4, 3, 2, 1 என்று அளித்தனர். அறுபது விடைகளையும் கூட்டிச் சராசரி கண்டால் உப்புக்கழிவு 2.63 பெறுகிறது, மரம் நடுதல் 3.23 பெறுகிறது. அதாவது, நாளொன்றுக்கு 1,800 கிலோ உப்பை வெளியேற்றும் ஆலையின் அறிக்கையில் மரக்கன்றுகள் முன்பக்கத்தில் நிற்கும். உப்பு பின்னுக்குப் போகும்.

இங்கே இரண்டு தவறுகள் நேர்ந்துள்ளன. முதலாவது, தலைகளை எண்ணியது. நான்கு உழவர் விடையளித்தனர் என்பதால் பாதிக்கப்படுவோர் நால்வர் என்று ஆகாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சராசரி கண்டு, பின்னர்க் குழுக்களின் சராசரியைக் காண வேண்டும். இரண்டாவது, அலுவலகத்தாரைச் செங்குத்துக்கோட்டில் சேர்த்தது. தொழிலின் பாதிப்பைக் கணிக்கும் கிடைக்கோட்டில் அவர்கள் கருத்து ஏற்கெனவே உள்ளது. இரு கோடுகளிலும் அவர்களே இருந்தால் ஒரே குரல் இருமுறை எண்ணப்படுகிறது. இவ்விரண்டையும் திருத்திக் கணக்கிட்டால், உப்புக்கழிவின் மதிப்பு 3, 3, 5 ஆகியவற்றின் சராசரியான 3.67 ஆகிறது. மரம் நடுதலின் மதிப்பு 2 ஆகிறது. விடைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வரிசை தலைகீழாகிவிட்டது.

அணியைப் பார்த்தே இத்தவறுகளை ஓரளவு உய்த்துணரலாம். புள்ளிகள் யாவும் கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்கு ஒரே கோட்டில் அணிவகுத்தால், இரு கேள்விகளுக்கும் ஒரே கூட்டத்தார் விடையளித்திருக்கக்கூடும். எல்லாப் புள்ளிகளும் மேல் மூலையில் நெருக்கியடித்து நின்றால், சிக்கல்களுக்குச் சூட்டிய பெயர்கள் அகன்றவையாக இருக்கக்கூடும். ‘சுற்றுச்சூழல்’ என்று கேட்டால் ஐந்துக்குக் குறைவாக யார் மதிப்பெண் தருவார்? ‘கலப்பு உப்பைச் சேமித்தல்’, ‘கொதிகலனுக்கு விறகு’, ‘இரவுப்பணி முடிந்த பெண்கள் வீடு திரும்பும் ஊர்தி’ என்று கேட்டால்தான் விடைகள் வேறுபடும்.

பெருக்கலின் மயக்கம்

கிடைக்கோட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. நிகழும் வாய்ப்பையும் பாதிப்பின் அளவையும் பெருக்கித் தொழில் பாதிப்பைக் கணிப்பது வழக்கம். ஆலையை மூடும் ஆணை வருவதன் பாதிப்பு 5, வாய்ப்பு 2 என்றால் பெருக்குத்தொகை 10. அடிக்கடி நேரும் சிறு மின்தடையின் பாதிப்பு 2, வாய்ப்பு 5 என்றால் அதுவும் 10. ஒன்றைச் சிறு மின்னாக்கியால் சமாளிக்கலாம். மற்றொன்று நேர்ந்தால் ஆலையே இல்லை. தாளில் இரண்டும் ஓரிடத்தில் நிற்கின்றன. எனவே பெருக்குத்தொகையோடு பாதிப்பின் அளவைத் தனியே காட்டும் வகையில், பெரும்பாதிப்புடைய புள்ளியைப் பெரிய வட்டமாக வரைவது நல்லது.

ஜி.ஆர்.ஐ. என்னும் பன்னாட்டு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி இவ்வணியை வரைபடமாகவே காட்டியது. அதே அமைப்பு 2021இல் செய்த திருத்தத்தில் கேள்வியை மாற்றியது. யார் எவ்வளவு கவலைப்படுகிறார் என்பதைவிட, நிறுவனத்தின் செயலால் மக்களுக்கும் சூழலுக்கும் நேரும் தாக்கம் எத்துணைக் கடுமையானது என்பதே அளவுகோல் என்றது. எவ்வளவு கொடிது, எவ்வளவு பரந்தது, சீர்செய்ய இயலுமா என்ற மூன்றும் கடுமையைத் தீர்மானிக்கும். மனித உரிமை சார்ந்த தாக்கமாயின் வாய்ப்பைவிடக் கடுமைக்கே முதலிடம். இம்மாற்றம் பொருத்தமானதே. தன் கிணற்று நீர் கெட்டதை இன்னும் அறியாத உழவர் கவலைப்படமாட்டார். அதனால் கேடு இல்லையென்று ஆகிவிடாது.

நொய்யல் சொல்வது

மேல் இடமூலை பலரும் கடந்துபோகும் கட்டம். மக்கள் கவலைப்படுகின்றனர், ஆலைக்கு இன்று இழப்பில்லை. திருப்பூரின் வரலாற்றை இக்கட்டத்திலிருந்து தொடங்கிப் படிக்கலாம்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. சென்னிமலைக்கு அருகே அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென எழுந்த அவ்வணையில் சாயக்கழிவு கலந்த நீர் தேங்கியது. வயலுக்கு உதவாத நீரைக் குறித்து உழவர்கள் முறையிட்டனர். அந்நாளில் ஒரு சாய ஆலை அணி வரைந்திருந்தால், ஆற்றுநீர் என்னும் புள்ளி செங்குத்துக்கோட்டில் உச்சியிலும் கிடைக்கோட்டில் தொடக்கத்திலும் இருந்திருக்கும். ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது, கழிவை ஆற்றில் விடுவதே செலவு குறைந்த வழி.

ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை ஆலைகள் எய்த வேண்டும் என்று 2006இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அது முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு ஆணை பிறந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் வேலையிழந்தனர். பின்னலாடை நிறுவனங்கள் துணிக்குச் சாயமேற்ற வெளியூர்களைத் தேடின. இடக்கோடியில் நின்ற புள்ளி வலக்கோடிக்கு வந்துவிட்டது. புள்ளியை நகர்த்தியது உழவர்களின் கவலைதான். அது சட்டத்தின் வழியாக வந்து சேர ஆண்டுகள் பல ஆயின.

ஆதலால் இடப்புறம் நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், அது வலப்புறம் நகர்வதாயின் எவ்வழியாக நகரும் என்று எழுதிவைப்பர் தேர்ந்த அறிக்கையாளர். வழக்கு, விதி மாற்றம், கொள்முதல் செய்வோரின் நிபந்தனை, வங்கியின் மறுப்பு ஆகியவையே பெரும்பாலும் அவ்வழிகள். எல்லைக்கோட்டைப் புள்ளிகள் வைப்பதற்கு முன்பே வரைந்துவிடுவர். பின்னர் வரைந்தால் வேண்டாத புள்ளியை வெளியே தள்ளுவது எளிதாகிவிடும். அடுத்த முறை அணி வரையும்போது பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு அம்புக்குறி இடுவர். மேற்சொன்ன ஆலையின் உழவர் எண்ணிக்கையான நான்கு என்பதும், அவர்கள் வினாத்தாளில் விடையளித்தனரா, நேரில் சென்று கேட்கப்பட்டனரா என்பதும் அணியின் கீழேயே அச்சிடப்படும்.