வகுப்பறை ஆய்வின் முடிவை எப்படி நம்புவது?

பண்புசார் கல்வி ஆய்வில் வகுப்பில் கண்டதும், ஆசிரியரும் மாணவரும் சொன்னதுமே முதன்மைத் தரவு. ஆய்வாளர் அதைத் தன் விருப்பத்துக்கு வளைக்கவில்லை என்பதற்கு என்ன சான்று? யுவொன்னா லிங்கனும் ஈகான் கூபாவும் 1985இல் வெளியிட்ட நூலில் இதற்குச் சில வழிகளை வகுத்தார்கள். அவற்றில் மூன்று இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றன.

ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மாணவர்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். “எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்கிறேன், பிள்ளைகள்தான் கூச்சப்படுகிறார்கள்” என்கிறார் ஆசிரியர். ஆய்வாளர் வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியர் யாரிடமெல்லாம் பேசுகிறார் என்பதை இருக்கை வரைபடத்தில் குறித்துவருகிறார். குறிகள் பெரும்பாலும் முன்வரிசையிலேயே விழுகின்றன. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பேசவிட்டால், தப்பாகக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்கிறார்கள். இப்படி ஒன்றையே பல வழிகளில் பார்ப்பது முக்கோணச் சரிபார்ப்பு. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆய்வுக்கு அதிகம் கிடைக்கிறது. ஆசிரியர் பொய் சொல்லவில்லை. கரும்பலகை அருகே நிற்பவருக்குப் பின்வரிசையின் பயம் கூச்சமாகத் தெரிகிறது. ஆனால் அதே ஆசிரியரை மூன்று முறை பேட்டி எடுத்தால் அது முக்கோணச் சரிபார்ப்பு ஆகாது.

அடுத்தது பங்கேற்பாளர் சரிபார்ப்பு. பேட்டியின் எழுத்துப்படியைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதோடு இது முடிவதில்லை. ஆய்வாளர் தாம் புரிந்துகொண்டதையும் எளிய நடையில் எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்துப் பையன்களைப் பற்றி பால் வில்லிஸ் எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது. அதன் வரைவைப் படித்த பையன்கள் தங்களைப் பற்றிய பகுதிகள் புரிந்தன என்றார்கள். கோட்பாட்டுப் பகுதிகளில் அவர்கள் மனம் ஒட்டவில்லை. அந்த உரையாடலையே வில்லிஸ் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தலையாட்டிவிடுவார்கள் என்பதால், வெறும் ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது. “இதில் எது சரியாக இல்லை?” என்று கேட்பதே பலன் தரும். ஆசிரியர் மறுத்தால் தரவை நீக்கிவிடாமல், அவருடைய மறுப்பையும் அறிக்கையில் பதிய வேண்டும்.

தணிக்கைத் தடம் என்பது ஆய்வு நடந்த வழியைக் காட்டும் கோப்பு. களக்குறிப்புகள், ஒலிப்பதிவுகள், குறியீட்டுப் பட்டியலின் ஒவ்வொரு வடிவம், முடிவெடுத்த அன்றே தேதியிட்டு எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். நம் உதாரணத்தில் “கூச்சம்” என்ற குறியீடு பின்னர் “சிரிப்பார்கள் என்ற அச்சம்” என்று மாறியிருந்தால், எந்தக் குழு உரையாடலுக்குப் பிறகு, ஏன் மாறியது என்பது அங்கே தெரிய வேண்டும். வெளியாள் ஒருவர் அறிக்கையின் ஒரு வாக்கியத்திலிருந்து பின்னோக்கிச் சென்று மூலக் களக்குறிப்பை அடைய முடிகிறதா என்று பார்ப்பார். குறிப்புகளெல்லாம் ஆய்வு முடிந்த வாரத்தில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தால் தடம் செயற்கையானது என்று அவருக்குப் புரிந்துவிடும். முடிவு தரவிலிருந்து வந்ததா என்பதை அவரால் சொல்ல முடியும். வேறொருவர் ஆராய்ந்தாலும் அதே முடிவுதான் வரும் என்று உறுதிகூற முடியாது. கோப்பைத் தணிக்கைக்குக் கொடுக்கும்போது மாணவர்களுக்குப் புனைபெயர்களே இருக்க வேண்டும். உண்மைப் பெயர்ப் பட்டியலை ஆய்வாளர் தனியே பூட்டி வைப்பார்.